ஏப்ரல் பயணமும் ஜூன் பில்லும்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பெரியோர்களுக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் கடை நடத்துகிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, பில் கட்டுவது, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புவது, இவைதான் தொழில். அதற்கு முன்னால் சில வருஷம் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்தேன். அதனால் மாதக் கடைசியில் போஸ்ட்பெய்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா போவதில்லை. "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்று கவுண்டரில் விரித்து வைத்துவிடுவார்கள்.

அப்படி வந்த பில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். அதைக் கொண்டுவந்தவர் ஒரு தோட்டப் பாடசாலை டீச்சர். அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அந்த நிறுவனம் அவரை ஏமாற்றியது என்று சொல்லவும் நான் வரவில்லை. பில்லில் இருந்த தொகை அநேகமாகச் சரிதான். ஆனால் அது சரியா பிழையா என்று கட்டுகிறவரால் பார்க்க முடியாது, பில்லிங்கில் இருந்து வந்த நானே கல்குலேட்டரோடு ஒரு பின்னேரம் உட்கார வேண்டியிருந்தது. என் முறைப்பாடு அதுதான்.

டீச்சரின் பெரியப்பா குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் குடியேறிய குடும்பம். ஏப்ரல் விடுமுறையில் அங்கே ஒரு கல்யாணம். 16ஆம் திகதி இரவு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, திருச்சியில் இறங்கி, அங்கே இரண்டு நாள் நின்று, பிறகு கோத்தகிரிக்குப் போய்விட்டு, 24ஆம் திகதி மாலை திரும்பி வந்தார். விமான நிலையத்தில் வைத்தே இந்தியாவுக்கான ரோமிங் டேட்டா பெக்கேஜ் ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஏழு நாளைக்கு, வரி சேராமல் 3,000 ரூபா.

அவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி மூடப்படும். வழக்கமாக இரண்டாயிரத்துச் சொச்சம் வரும். ஏப்ரல் பில்லில் அந்த 3,000 ரூபா பெக்கேஜும் வரியும் சேர்ந்து 5,700 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதை எதிர்பார்த்திருந்தார், கட்டிவிட்டார், பயணச் செலவு அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். மே மாத பில் 8,025 ரூபா. 2024இல் 1,350 ஆக்கிய தோட்ட நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், அவருடைய அக்கா கிட்டத்தட்ட ஆறு நாள் கொழுந்து எடுக்க வேண்டிய காசு.

"மே மாசம் முழுக்க நான் இங்கேதானே இருந்தேன் தம்பி, எங்கே ரோமிங் போனேன்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கேள்வி நியாயமானது. பதில் பில்லில் எங்கேயும் இல்லை.

பில்லில் நான்கு தொகைகள்தான் இருந்தன. மாத வாடகை 1,500, மேலதிகப் பாவனை 240, ரோமிங் 4,360, வரிகள் 1,925. கூட்டினால் 8,025. கூட்டல் பிழையில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த நான்கும் ஒரே மாதத்துக்கு உரியவை அல்ல. நான்கும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன, ஆனால் தாளில் ஒரே திகதியின் கீழ் வந்து நிற்கின்றன.

வாடகை முற்பணமாக ஓடுகிறது. மே 20இல் மூடிய பில்லில் உள்ள 1,500 ரூபா, மே 21இலிருந்து ஜூன் 20 வரைக்கும் உரியது. பல போஸ்ட்பெய்ட் திட்டங்களில் இதுதான் வழக்கம், இதில் தப்பும் இல்லை. ஆனால் சொல்லிவைக்காததால் புதிதாக இணைப்பு எடுக்கிற ஒவ்வொருவரும் முதல் மாதம் என் கடையில் வந்து சண்டை பிடிக்கிறார்கள். மாதத்தின் நடுவில் இணைப்பு எடுத்தவருக்கு முதல் பில்லில் மிச்ச நாட்களுக்கான பங்கு வாடகையும் அடுத்த மாதத்தின் முழு வாடகையும் சேர்ந்து வரும். 1,500 ரூபா திட்டத்தில் பில் மூட 16 நாள் இருக்கும்போது சேர்ந்தால் 800 ரூபாவும் 1,500 ரூபாவும், அதற்கு மேல் வரியும். விளம்பரத்தில் பார்த்தது 1,500. கையில் வந்தது மூவாயிரத்துக்குக் கிட்ட. மனுஷன் கோபப்படாமல் என்ன செய்வான்?

மேலதிகப் பாவனை பின்னால் ஓடுகிறது, அதாவது மூடிய மாதத்தில் நடந்தது. டீச்சரின் 240 ரூபா, அவர் திரும்பி வந்த பிறகு "நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம்" என்று கோத்தகிரிக்கு எடுத்த ஆறு நிமிஷ அழைப்பு, நிமிஷம் 40 ரூபா. இது ரோமிங் அல்ல, இங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுத்த அழைப்பு. திட்டத்தோடு கிடைக்கிற இலவச நிமிஷங்களில் வெளிநாட்டு அழைப்பு சேராது. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், பில்லும் அதைப் பிரித்துச் சொல்வதில்லை.

ரோமிங்கின் கடிகாரம்தான் யாருக்கும் விளங்காதது. நம் சிம் இந்தியாவில் நிற்கும்போது எடுத்த அழைப்பையும் வந்த அழைப்பையும் முதலில் பதிவு செய்வது அங்குள்ள நிறுவனம். அது அந்தப் பதிவுகளை 'டேப்' என்கிற கோப்புகளாகக் கட்டி, இடையில் இருக்கிற தீர்வக நிறுவனத்தின் வழியாகக் கொழும்புக்கு அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகுதான் நம் நிறுவனம் தன்னுடைய விலையைப் போட்டு நம் பில்லில் ஏற்றும். சில கோப்பு அடுத்த நாளே வரும், சில கோப்பு வாரக்கணக்கில் இழுக்கும். ஏப்ரல் 20இல் டீச்சரின் பில் மூடியபோது அவர் கோத்தகிரியில் இருந்தார். அதுவரை நடந்ததிலேயே பாதி கொழும்புக்கு வந்து சேரவில்லை, மிச்சம் இன்னும் நடக்கவே இல்லை. அதனால்தான் வீட்டில் இருந்த மே மாதத்துக்கு ரோமிங் வந்தது.

இதைச் சொன்னதும் டீச்சர் சமாதானமானார். ஒரு நிமிஷ வேலை. அந்த ரோமிங் தொகைக்குப் பக்கத்தில் "ஏப்ரல் 18 - 24 பாவனை" என்று அச்சடித்திருந்தால் அவர் பஸ் ஏறி என் கடைக்கு வந்திருக்கவே தேவையில்லை. பதிவில் திகதியும் நேரமும் வலையமைப்பின் பெயரும் இல்லாமல் எந்த டேப் கோப்பும் வருவதில்லை. நிறுவனத்திடம் இருக்கிற விபரத்தைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் நான் கேட்கிற முதல் விஷயம்.

சரி, 4,360 எப்படி வந்தது? நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, இழுத்தடித்து, கடைசியில் விபரப் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். மூன்று துண்டு இருந்தது.

பெரிய துண்டு டேட்டா: 140 எம்.பி., எம்.பி. ஒன்று 20 ரூபா, ஆக 2,800. ஏழு நாள் பெக்கேஜ் போட்டவருக்கு இது எப்படி? இரண்டு வழியில் வந்தது. ஒன்று, அந்த ஏழு நாள் என்பது ஏழு முறை 24 மணித்தியாலம் இல்லை. 16ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் போட்ட பெக்கேஜுக்கு அந்த இரண்டு மணித்தியாலமே முதல் நாள். 22ஆம் திகதி நள்ளிரவோடு பெக்கேஜ் முடிந்துவிட்டது. 23, 24 இரண்டு நாளும் அவர் போனைத் தொடாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு வட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டும் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தது. கல்யாண வீட்டுப் படங்கள், கேட்கவா வேண்டும்? 88 எம்.பி. அப்படிப் போனது. (இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் இதோடு விட்டது. கட்டாருக்குப் போகிறவருக்கு இலங்கை நள்ளிரவு என்பது அங்கே இரவு ஒன்பதரை. எந்த ஊர் நள்ளிரவு என்று யாரும் சொல்வதில்லை.)

மற்ற 52 எம்.பி.யின் கதைதான் மலைநாட்டு ஆட்களுக்கு உடனே விளங்கும். பெக்கேஜ் இந்தியாவில் ஒரு குறிப்பிட்ட வலையமைப்பில் மட்டும்தான் செல்லும். திருச்சியில் போன் அதிலேயே நின்றது. கோத்தகிரியில், ஒரு மடிப்புக்கு அந்தப் பக்கம் இறங்கினால் அந்த சிக்னல் போய்விடும். நம் ஊரில் சிக்னல் போனால் போன் செத்துக் கிடக்கும், அவ்வளவுதான். ரோமிங்கில் அப்படி இல்லை. போன் தானாக வேறொரு வலையமைப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்த நிமிஷத்திலிருந்து பெக்கேஜ் கணக்கு நின்று எம்.பி.க்கு 20 ரூபா கணக்கு தொடங்கும். திரையின் மேல் மூலையில் இருக்கிற பெயர் மாறுவது ஒன்றுதான் அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டா கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவார்கள்? போனின் அமைப்புக்குள் போய் வலையமைப்பைத் தானாகத் தேர்வதை நிறுத்தி, கையால் ஒன்றைத் தேர்ந்து வைத்தால் இது நடக்காது. பெக்கேஜ் விற்கும்போது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது துண்டு வந்த அழைப்புகள். 26 நிமிஷம், நிமிஷம் 30 ரூபா, ஆக 780. நம் நாட்டில் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று பழகிவிட்டோம். ரோமிங்கில் அழைக்கிறவர் ஹட்டனிலிருந்து கொழும்பு வரைக்கும்தான் கட்டுகிறார், நாம் இந்தியாவில் இருப்பது அவருக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து கோத்தகிரி வரையான பாதைக்கு, அங்கே இருந்து பேசுகிற நாம்தான் கட்ட வேண்டும். இது நியாயமான கணக்குத்தான், டீச்சரும் ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது துண்டைப் பார்த்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "தவறிய அழைப்பு" என்று அவர் போனில் கிடந்த ஆறு அழைப்புக்குத் தலா 130 ரூபா, மொத்தம் 780. அவர் எடுக்கவே இல்லை. எடுக்காத அழைப்புக்கு எப்படிக் காசு?

அவருடைய இணைப்பில் குரல் அஞ்சல் போடப்பட்டிருந்தது. தானாகப் போடப்பட்டது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ரோமிங்கில் ஒருவர் கூப்பிட்டால் அந்த அழைப்பு முதலில் இந்தியாவுக்குப் போய் அங்கே மணி அடிக்கும். எடுக்காவிட்டால், குரல் அஞ்சல் கொழும்பில் இருப்பதால், அழைப்பு இந்தியாவிலிருந்து திரும்ப இலங்கைக்கு வரும். போன பாதைக்கு வந்த அழைப்பின் கட்டணம், திரும்பி வந்த பாதைக்கு இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எடுத்த வெளிநாட்டு அழைப்பின் கட்டணம். அவர் விலைப் பட்டியலில் அது 30 ரூபாவும் 100 ரூபாவும். கூப்பிட்டவர் பீப் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டாலும் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்தான்.

போனை முழுதாக அணைத்து நாட்டுக்கு வெளியே போனவருக்கு இது வருவதில்லை, ஏனென்றால் அழைப்பு கொழும்பிலேயே திருப்பப்பட்டுவிடும். அங்கே வலையமைப்பில் பதிந்து, மணி அடித்து, எடுக்காமல் விட்டால்தான் வரும். இதைத் தடுப்பது ஒரு நிமிஷ வேலை. புறப்படும் முன் போனில் இந்த இலக்கத்தை அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டினால் எல்லா அழைப்புத் திருப்பல்களும் நீங்கிவிடும்:

```
##002#
```

எடுக்காவிட்டால் எங்கே திரும்புகிறது என்று பார்க்க `*#61#`. இவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமான இலக்கங்கள் இல்லை, ஜி.எஸ்.எம். தரத்திலேயே உள்ளவை. இப்போது வெளிநாடு போகிற ஒவ்வொருவருக்கும் கடையில் வைத்து நானே அழுத்திக் கொடுக்கிறேன். ஆனால் இது ஒரு கடைக்காரன் செய்ய வேண்டிய வேலையா? ரோமிங்கைத் திறந்துவிடும் அதே நேரத்தில் குரல் அஞ்சல் திருப்பலை நிறுத்திவைக்க நிறுவனத்தின் கணினிக்கு முடியும். வேண்டும் என்று கேட்கிறவருக்கு மட்டும் விட்டுவைக்கட்டும். இது நான் கேட்கிற இரண்டாவது விஷயம்.

டேட்டாவைப் பற்றி நிறுவனத்தின் ஆள் தொலைபேசியில் சொன்ன பதில் ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். "வெளிநாட்டுப் பாவனை எங்களுக்குப் பிந்தித்தான் தெரியவரும் மிஸ், அதனால் முன்கூட்டியே எச்சரிக்க முடியாது" என்றாராம். அழைப்புக்கு அது ஓரளவு உண்மை. டேட்டாவுக்கு அது சரியல்ல. சாதாரண ரோமிங் முறையில் நம் சிம்மின் டேட்டா இந்திய வலையமைப்பிலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை, முதலில் கொழும்பில் இருக்கிற நம் நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு வந்து அங்கிருந்துதான் வெளியே போகிறது. ஒவ்வொரு எம்.பி.யும் அவர்களுடைய கண் முன்னாலேயே கடக்கிறது. பெக்கேஜில் எவ்வளவு மிச்சம் என்று உடனுக்குடன் குறுஞ்செய்தி அனுப்ப முடிகிறதே, அது எப்படி? பெக்கேஜ் முடிந்த நிமிஷம் தெரிகிறவர்களுக்கு, முடிந்த பிறகு ஓடுகிற டேட்டா தெரியாமல் போகுமா?

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பிரச்சினைக்கு 2010 ஜூலையிலேயே ஒரு வரம்பு போட்டது. வாடிக்கையாளர் வேறு தொகை சொல்லாவிட்டால், ரோமிங் டேட்டா மாதம் 50 யூரோவை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். 80 வீதத்தில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். தொடர வேண்டும் என்று வாடிக்கையாளர் பதில் அனுப்பினால்தான் மறுபடி திறக்கலாம். நம் ஊருக்குத் தொகை வேறாக இருக்கலாம். ஆனால் முறை ஒன்றுதான்: பெக்கேஜ் முடிந்தால், அல்லது பெக்கேஜ் செல்லாத வலையமைப்புக்குப் போன் மாறினால், டேட்டா நிற்க வேண்டும். நிற்காமல் ஓடுவதற்குத்தான் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். போஸ்ட்பெய்டுக்குக் கடன் எல்லை என்று ஒன்று வைத்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பில்லுக்குப் பிந்தி வரும் கட்டணத்தை அந்த எல்லையால் எப்படிப் பிடிக்க முடியும்?

அந்த எச்சரிக்கை தமிழில் வர வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து இறங்கியதும் டீச்சருக்கு வந்த ரோமிங் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாசித்துக்கொண்டார். அவருடைய அம்மாவால் முடியாது. மாதா மாதம் விளம்பரக் குறுஞ்செய்தி மட்டும் எவ்வளவு அழகான தமிழில் வருகிறது!

இனி வரி. 1,925 ரூபா, ஒரே தொகையாக. என் பின்னேரத்தை விழுங்கியது இதுதான்.

தொலைபேசி பில்லில் வரி ஒன்று அல்ல. தொலைத்தொடர்புகள் அறவீடு 15 வீதம், 2022இல் 11.25இலிருந்து ஏற்றப்பட்டது. அதைச் சேகரிப்பதே உங்கள் ஆணைக்குழுதான். அதோடு செஸ் 2 வீதம், 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 வீதம், எல்லாவற்றுக்கும் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கிற பெறுமதி சேர் வரி. இவை ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுவதால் 37.5 என்று கூட்டினால் விடை தப்பும். நூறு ரூபா அழைப்பு ஏறத்தாழ 142 ரூபா ஆகிறது. ஆனால் நூறு ரூபா டேட்டா ஏறத்தாழ 123 ரூபாதான், ஏனென்றால் இணைய சேவைக்கு 2017 செப்டெம்பரிலிருந்து தொலைத்தொடர்புகள் அறவீடு இல்லை. இரண்டுக்கும் நடுவே 19 ரூபா வித்தியாசம்.

அப்படியென்றால், அழைப்பும் டேட்டாவும் சேர்ந்த 1,500 ரூபா திட்டத்துக்கு எந்த வரி? அந்த வாடகையில் எத்தனை ரூபா அழைப்பு, எத்தனை ரூபா டேட்டா என்று நிறுவனம் தனக்குள் பிரித்து வைத்திருக்கும். அழைப்புப் பக்கம் கூடினால் வரி கூடும், டேட்டாப் பக்கம் கூடினால் குறையும். வாடிக்கையாளருக்கு அந்தப் பிரிப்பு தெரியாது.

டீச்சரின் பில்லை வைத்துப் பின்பக்கமாகப் போனேன். ரோமிங் அழைப்புக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் உள்ளூர் அழைப்புக்குரிய வரியே என்று வைத்துக்கொண்டால், அந்த 1,800 ரூபாவுக்கு வரி ஏறத்தாழ 754. ரோமிங் டேட்டா 2,800க்கு 654. இரண்டையும் 1,925இலிருந்து கழித்தால் வாடகைக்கு மிஞ்சுவது 517 ரூபா வரி. 1,500 முழுவதும் டேட்டா என்றால் வரி 351, முழுவதும் அழைப்பு என்றால் 628. 517 வர வேண்டுமென்றால் வாடகையில் 900 ரூபாவை அழைப்பாகவும் 600 ரூபாவை டேட்டாவாகவும் பிரித்திருக்க வேண்டும். அவருடைய வழக்கமான பில் 2,017 ரூபா என்பதோடும் இது ஒத்துப்போனது. ஆகவே கணக்கு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு நான் வைத்துக்கொண்ட ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது. ரோமிங் அழைப்புக்கு வேறு வீதம் போட்டிருந்தால் என் 900 - 600 முழுவதும் கலைந்துவிடும்.

டீச்சர் மாதம் முழுக்க எடுக்கிற சாதாரண அழைப்பு ஒரு மணித்தியாலம்கூட வராது. எல்லாம் வட்ஸ்அப். டேட்டாவையே பாவிக்கிறவர், வாடகையில் பாதிக்கு மேல் அழைப்புக்குரிய வரியைக் கட்டுகிறார். பிரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நிறுவனத்துக்கு ஒரு காரணம் இருக்கலாம். அந்தப் பிரிப்பும், ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வரி எத்தனை வீதம் என்பதும் பில்லில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். திட்டம் விற்கும்போதும் "வரிகள் நீங்கலாக" என்று மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கையிலிருந்து போகிற 2,017 ரூபாவையே பெரிய எழுத்தில் போடட்டும். கடையில் ஒரு கிலோ சீனிக்கு வரி நீங்கலான விலையை எழுதி வைத்து நான் விற்க முடியுமா?

பில் கையில் வந்து சேர்வதைப் பற்றியும் ஒன்று. லயத்து வீடுகள் பலவற்றுக்கு இன்னும் தனி விலாசம் கிடையாது. தபாலில் வரும் பில் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, கட்ட வேண்டிய திகதி கடந்த பிறகுதான் கைக்கு வருகிறது. அதனால் பலர் குறுஞ்செய்தி பில்லுக்கு மாறிவிட்டார்கள். அதில் மொத்தத் தொகை மட்டும்தான் வரும், விபரம் வேண்டுமென்றால் செயலியை இறக்க வேண்டும். கடைசித் திகதியை மொத்தத் தொகை வந்த நாளிலிருந்து எண்ணாமல், விபரம் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் நல்லது. இதை நீட்ட விரும்பவில்லை.

டீச்சர் மே பில்லைக் கட்டிவிட்டார். கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், பாடசாலைப் பெற்றோர் எல்லோரிடமும் இருப்பது அந்த இலக்கம். நிறுவனத்தில் முறைப்பாட்டு இலக்கம் வாங்கி வைத்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் உங்கள் 1900க்கு எடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஜூன் பில் வந்தது. 2,187 ரூபா. வழக்கத்தைவிட 170 ரூபா கூட. விபரம் கேட்டால், ஏப்ரல் 18ஆம் திகதி திருச்சியில் வந்த நாலு நிமிஷ அழைப்பு, 120 ரூபாவும் வரியும்.

தொகை பெரிதில்லை, டீச்சரும் "போகட்டும் தம்பி" என்றுவிட்டார். நான் விடுவதாக இல்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் டேப் பதிவு 30 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்பது இந்தத் தொழிலில் நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கிற நடைமுறை. ஏப்ரல் 18இல் நடந்த அழைப்பு மே 18க்குள் கொழும்புக்கு வந்திருக்க வேண்டும், மே 20இல் மூடிய பில்லில் ஏறியிருக்க வேண்டும். ஒன்று, அது நேரத்துக்கு வந்து நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தது. அல்லது, காலம் கடந்து வந்ததை அவர்கள் தங்களுக்குள் மன்னித்து ஏற்றுக்கொண்டு டீச்சரிடம் அறவிட்டார்கள். எதுவாக இருந்தாலும், நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருக்கிற காலக்கெடு, நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே ஏன் இல்லை? பாவனை நடந்து இத்தனை நாளுக்குப் பிறகு அதை பில்லில் ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பை நீங்கள் விதிக்கலாம். 45 நாளா, 60 நாளா என்பதை உங்கள் பொறியியலாளர்களிடம் விட்டுவிடுகிறேன். அந்த வரம்பு வந்தால் டீச்சர் போன்றவர்கள் எந்தத் திகதியோடு பயணக் கணக்கை மூடலாம் என்று நானும் கவுண்டரில் வைத்துச் சொல்ல முடியும்.

மூன்று மாத பில்லையும், விபரப் பட்டியலையும், என் கணக்கு எழுதிய தாளையும், டீச்சரின் சம்மதக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்புகிறேன். அந்த 120 ரூபாப் பதிவு கொழும்புக்கு எந்தத் திகதியில் வந்தது என்பதை நிறுவனத்திடம் கேட்டு எங்களுக்கு அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்திலிருந்து,
ஒரு கொமியுனிகேஷன் கடைக்காரன்